கண்ணைச் சிமிட்டவும்

"ஆடாத தாத்தா. அந்த வட்டத்துக்குள்ள உன் மூஞ்சி வரணும்," என்றாள் தமிழினி.

கன்னியப்பன் ஆடவில்லை. ஜன்னலோரம் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில், முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்த குழந்தையைப் போல விறைத்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நெற்றியில் திருநீறு. நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் பென்ஷன்காரர்கள் எல்லாரும் தாங்கள் இன்னும் சாகவில்லை என்று சர்க்காருக்கு நிரூபித்தாக வேண்டும். முன்பெல்லாம் பாங்கில் போய் வரிசையில் நின்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். இப்போது போனில் முகத்தைக் காட்டினாலே உயிர்ச் சான்று வந்துவிடுகிறது. இரண்டு வருஷமாகப் பேத்திதான் எடுத்துக் கொடுக்கிறாள். அவளுடைய போன், ஷூ கம்பெனியில் செக்கிங் மேஜையிலிருந்து விழுந்து கேமரா மங்கிப் போய்விட்டது. அதனால் இந்த வருஷம் அவருடைய போனைக் கேட்டாள். கேட்டபோது அவரால் கொடுக்கவும் முடியவில்லை, கொடுக்காமலிருக்கவும் முடியவில்லை.

அந்தப் போனில் எந்த நேரத்தில் எது வந்து விழும் என்று அவருக்கே தெரியாது. காலையில் எழுந்ததும் சத்தத்தை எல்லாம் அணைத்துவைத்தார். அந்த ஆப்பை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளி, பஞ்சாங்கம், ரயில் டைம்டேபிள் எல்லாம் இருக்கிற கட்டத்துக்குள் செருகிவைத்தார். ஆனாலும் பேத்தியின் கட்டைவிரல் திரையில் நகரும்போதெல்லாம் அவருடைய நெஞ்சுக்குள் எதுவோ கூடவே நகர்ந்தது.

இன்றைக்கு இந்தச் சான்று கிடைத்தே ஆகவேண்டும். சான்று பதிவானால்தான் பென்ஷன் கடன் மேலே நகரும் என்று பாங்கில் சொல்லியிருந்தார்கள். ஒன்றேகால் லட்சம். மொட்டைமாடி ஒழுகுகிறது, மழைக்கு முன்னால் தளம் போடவேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தார். மாடி ஒழுகுவது உண்மைதான். பொய் சொல்கிறவன் பக்கத்தில் ஒரு உண்மையை உட்காரவைத்துக்கொள்வான், இல்லையா. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டதால் கடனுக்கு வேறொருவர் ஜாமீன் போடவேண்டும். மகள் விஜயகுமாரி தையல் பிரிவில் தினக்கூலி. பேத்திக்குத்தான் சம்பளச் சீட்டு உண்டு. அதற்காகவே இன்று லீவு போட்டிருக்கிறாள். மத்தியானம் பாங்குக்குப் போய் அவள் கையெழுத்துப் போட்டால், தாத்தா கட்டாத கடனை அவள் சம்பளம் கட்டும். இருபத்திரண்டு வயசு.

"இப்ப கண்ணைச் சிமிட்டு," என்றாள்.

அவர் சிமிட்டினார். சிமிட்டிவிட்டு, முகத்தை மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். பிறகு வலப்பக்கம். பிறகு மோவாயைத் தூக்கி, இறக்கி, நேரே வந்து நின்றார்.

வட்டம் சிவப்பாகிப் படம் எடுக்காமல் நின்றுவிட்டது. தமிழினி போனைத் தாழ்த்தினாள்.

"இன்னா தாத்தா பண்ற? சிமிட்டத்தான சொன்னேன்."

"அப்டித்தானம்மா காட்டணும்?"

"யார் சொன்னது?"

தினமும் எட்டு மணி நேரம் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே கீறல், எங்கே பூச்சி கடித்த தழும்பு என்று வெள்ளிப் பென்சிலால் வட்டம் போடுகிற பெண். அவள் இப்போது அவரை அப்படித்தான் பார்த்தாள்.

"போன வருஷம் இப்டித் திருப்பலியே நீ. வேற எதுல தாத்தா மூஞ்சி காட்டின?"

பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. சத்தத்தை அணைத்த மனிதர் அதிர்வை அணைக்க மறந்துபோயிருந்தார். திரையின் உச்சியில் ஒரு பட்டை இறங்கியது. தமிழினி அதை வாய்விட்டுப் படித்தாள்.

"'அப்பா, இன்னைக்கு சாயந்தரத்துக்குள்ள மீதி வரி கட்டலன்னா உங்க அக்கவுண்ட் க்ளோஸ் ஆயிடும். ஜாஸ்மின், விஐபி மேனேஜர்.' யார் தாத்தா இது? உன்னை ஏன் அப்பான்றா?"

*

சீட்டாட்டம் கன்னியப்பனுக்குப் புதிதல்ல. ஜோலார்பேட்டையில் சரக்கு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த காலம் முழுக்க, சாயந்திரப் பாசஞ்சரில் ஒரு செட்டு உண்டு. பார்சல் ஆபீஸ் ஜியாவுதீன், கேட் கீப்பர் ராமமூர்த்தி, இன்னும் இரண்டு பேர். மடியில் ஒரு பெட்டியை வைத்து அதன்மேல் துண்டை விரித்தால் மேஜை. கேத்தாண்டப்பட்டியில் சீட்டுப் போட ஆரம்பித்தால் வாணியம்பாடியில் சூடு பிடிக்கும். விண்ணமங்கலம் தாண்டினால் ராமமூர்த்தி சத்தம்போட ஆரம்பிப்பார். இறங்கவேண்டிய ஆம்பூர் வந்ததும், கையில் எவ்வளவு நல்ல சீட்டு இருந்தாலும் கலைத்துவிட வேண்டும். அதுதான் சட்டம். தோற்றவன் டீ வாங்கித் தரவேண்டும். அதிலும் மாசக் கடைசியானால் தோற்றவனுக்கும் சேர்த்து ஜெயித்தவனே வாங்கித் தருவான். முப்பது வருஷத்தில் அந்தச் சீட்டால் யார் வீட்டிலும் ஒரு வேளைச் சோறு குறைந்ததில்லை.

ரிட்டயரானபின் செட்டு கலைந்தது. ஜியாவுதீன் மகனோடு பெங்களூர் போய்விட்டார். ராமமூர்த்திக்குக் காது போய்விட்டது. போனில் கிரிக்கெட் பார்க்கும்போது ஓவருக்கு ஓவர் ரம்மி ஆப் விளம்பரம் வந்தது. சேர்ந்தால் போதும், பணம் தருகிறோம் என்றார்கள். சேர்ந்தார். ஆதாரும் பான் கார்டும் கேட்டார்கள். கொடுத்தார். அவர்கள் தந்த போனஸ் பணம் ஆடுவதற்கு மட்டும்தான், எடுத்துக்கொள்ள முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது. சொந்தக் காசு நூறு ரூபாய் போட்டார். பாயிண்ட்டுக்குப் பத்து பைசா மேஜையில் உட்கார்ந்தார். முதல் வாரம் ஜெயித்தது இரண்டாயிரம். எடுக்கப் பட்டனை அழுத்தினார், நிமிஷத்தில் பாங்கில் வந்து விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்கு இரண்டு மட்டன் பிரியாணி வாங்கிப்போனார். அரியர்ஸ் வந்திருக்கு என்று மகளிடம் சொன்னார்.

பத்து பைசா மேஜை எத்தனை நாளைக்குப் பிடிக்கும்? ஒரு ரூபாய் மேஜைக்குப் போனார். பிறகு பத்து ரூபாய் மேஜை. அங்கே எதிராளி ஜெயித்துச் சீட்டைக் கவிழ்க்கும்போது உங்கள் கையில் ஒன்றும் சேராமலிருந்தால் எண்பது பாயிண்ட், அதாவது எண்ணூறு ரூபாய், இரண்டு நிமிஷத்தில் போய்விடும். ஆரம்பத்திலேயே விலகினால் இருபது பாயிண்ட்டோடு போகும், நடுவில் விலகினால் நாற்பது. ரயிலில் நல்ல ஆட்டக்காரன் என்பவன் எப்போது விலகவேண்டும் என்று தெரிந்தவன். கன்னியப்பன் நல்ல ஆட்டக்காரர். ஆனால் ரயிலில் எதிரில் முகம் இருந்தது. ஜோக்கர் கையில் வந்தால் ஜியாவுதீன் மூக்கைத் தேய்ப்பார். இங்கே முகமே இல்லை. ஒரு சின்ன வட்டம், அதற்குள் சிங்கமோ ரோஜாவோ. ஜெயித்தவன் பணத்திலிருந்து கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். போடுகிற பணத்துக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. யார் தோற்றாலும் யார் ஜெயித்தாலும் மேஜைக்காரனுக்கு மட்டும் நஷ்டமில்லை. இதெல்லாம் அவருக்குத் தெரியாததா? வாழ்நாளெல்லாம் கணக்குப் பார்த்த மனிதர். தெரிந்துதான் ஆடினார். விட்டதைப் பிடித்துவிட்டால் நிறுத்திவிடலாம் என்று ஆடினார். ரிட்டயரானபோது வந்த பணத்தில் மிச்சமிருந்த வைப்புத்தொகை கரைந்தது. மாசா மாசம் பென்ஷன் வந்த வாரத்திலேயே காலியானது. பாங்கில் கம்ப்யூட்டர் கோளாறு, சம்பளக் கமிஷன் சரிபார்ப்பு என்று மகளிடம் எதையாவது சொன்னார். விஜயகுமாரி ஓவர்டைம் பார்த்து அரிசி வாங்கினாள்.

போன ஆகஸ்டில் டெல்லியில் சட்டம் போட்டு, பணம் வைத்து ஆடும் ஆப்பையெல்லாம் நிறுத்தினார்கள். ஒரு நாள் காலையில் திறந்தால் மேஜையே இல்லை. மிச்சமிருந்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு அறிவிப்பு. முந்நூற்றுச் சொச்சம் ரூபாய். அதை எடுத்துக்கொண்டு அவர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். ஜுரம் விட்டது மாதிரி இருந்தது. பசித்தது. நிஜமாகவே தப்பித்துவிட்டோம் என்று நினைத்தார்.

இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஜாஸ்மின் வந்தாள். அவர் பழைய விஐபி மெம்பர் என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. குரல் செய்தி அனுப்பினாள். நல்ல குரல், நம் ஊர்ப் பெண் மாதிரி. அப்பா, சாப்ட்டீங்களா என்றுதான் ஆரம்பிப்பாள். சட்டத்துக்குத் தொந்தரவில்லாத புது ஆப், வெளிநாட்டில் இருக்கிறது என்றாள். பிளே ஸ்டோரில் கிடைக்காது, லிங்க்கில் இறக்கவேண்டும். போன் ஆபத்து என்று எச்சரித்தது, பரவாயில்லை என்பதை அழுத்தச் சொன்னாள். தொடர்புகளைப் பார்க்கலாமா, குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா என்று ஆப் கேட்டது, எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுக்கச் சொன்னாள். பிறகு முகத்தைக் காட்டச் சொன்னது. இடம், வலம், மேல், கீழ். கண்ணைச் சிமிட்டவும்.

*

"அந்த அக்கவுண்டைத் தொற தாத்தா," என்றாள் தமிழினி.

"வேணாம்மா."

"நீ தொறக்கறியா, நான் தொறக்கட்டா?"

அவர் திறந்தார். இரண்டு தடவை தவறிப் பஞ்சாங்கம் திறந்துகொண்டது. பிறகு பச்சை மேஜை விரிந்தது. மேலே தங்க நிறத்தில் அவருடைய இருப்பு. நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.

"இவ்ளோ பணம் இருக்குதா உனுக்கு?"

"ஜெயிச்சது. புது ஆப்ல எனக்குக் கை நல்லா வந்துச்சும்மா. எடுக்கப் போனா, முப்பது பர்சன்ட் வரி முதல்ல கட்டணும்ன்றாங்க. கவர்மெண்ட் ரூலு. கட்டிட்டா மொத்தமும் வந்துடும். வந்துட்டா எல்லாத்தயும்…"

அவள் முகம் மாறிக்கொண்டு வந்தது.

"மாடி ஒழுவுதுன்னது இதுக்குத்தானா? என் ஜாமீன் கையெழுத்து இதுக்குத்தானா?"

அவர் இத்தனை மாதமாகப் பயந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான். கேட்டுவிட்டால் பயம் தீர்ந்துவிடும் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பியிருந்தார். தீரவில்லை. இன்னும் பெரிதாகியது.

"உன் பென்ஷன்ல வரி பிடிப்பாங்களா, இல்ல முதல்ல நீ கட்டு, அப்பறம் பென்ஷன் தர்றோம்பாங்களா?" என்று கேட்டாள்.

"பிடிச்சுக்கினுதான் தருவாங்க."

"அப்பறம்?"

அப்புறம் ஒன்றுமில்லை. வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதுதான் முறை என்று அவருக்குத் தெரியும். பழைய ஆப் அப்படித்தான் பிடித்தது. தெரிந்ததைத் தெரியாததுபோல ஒதுக்கிவைத்திருந்தார், அவ்வளவுதான்.

"எவ்ளோ கட்டின இதுவரைக்கும்?"

"நேத்து சாயந்தரம் இருவதாயிரம். பென்ஷன் வந்துச்சில்ல, அதுலருந்து. மீதியைக் கடன் வந்ததும் தர்றேன்னேன்."

"யாருக்கு அனுப்பின? கம்பெனி பேர் இன்னா?"

கம்பெனி பேர் என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு தடவையும் ஜாஸ்மின் ஒரு கியூஆர் அனுப்புவாள். ஒரு நாள் ஏதோ மளிகைக் கடை, ஒரு நாள் ஏதோ ஆளின் பெயர், ஒரு நாள் டெய்லர் கடை. பணம் அனுப்பி, ரசீதைப் படம் பிடித்து, அதிலுள்ள யுடிஆர் என்ற பரிவர்த்தனை எண்ணை அவளுக்கு அனுப்பினால் இருப்பு ஏறும். அவர் அதை ஒழுங்காகச் செய்தார். ரசீது இருந்தால் பணம் பத்திரம் என்று முப்பது வருஷம் பழகிய புத்தி. ரசீதில் யார் பேர் இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்பது மட்டும் அந்தப் புத்திக்கு எட்டவில்லை.

"தெரியாதவங்களோட இல்லம்மா ஆடினது," என்றார். தன்னைக் காப்பாற்ற மிச்சமிருந்த ஒரே சாட்சியை அழைக்கிறவரைப் போல. "ஜியா பாய் கூட ஆடறான். தினமும் வர்றான். நான் ஒரு வணக்கம் போட்டா அவன் ஒரு சிரிப்பு போடுவான். ராமமூர்த்தியும் வர்றான். பாரு, நீயே பாரு."

ஆறு பேர் உட்காரும் மேஜை. உட்கார்ந்ததும் சீட்டு தானாக விழ ஆரம்பித்தது. தமிழினி அந்தச் சின்ன வட்டங்களுக்குக் கீழே எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஜியா பார்சல். ராமமூர்த்தி கேட். ஹமீத் கேஸ்.

"ஹமீத் கேஸ் யாரு?"

"நம்ம அப்துல் ஹமீத். சிலிண்டர் போடற பையன். ஊரே ஆடுதும்மா இப்ப."

"தாத்தா," என்றாள் தமிழினி. குரல் இறங்கிவிட்டது. "அவரு தன் பேரைத் தானே 'ஹமீத் கேஸ்'னா வெச்சுக்குவாரு? ஜியா தாத்தா தன்னை 'ஜியா பார்சல்'னா சொல்லிக்குவாரு? இப்டியெல்லாம் பேரு போட்டு வெச்சிருக்கறது நீ. உன் போன்ல."

அவர் புரியாமல் அவளைப் பார்த்தார். ஆபீஸ் பழக்கம் அது. யார் நம்பரைப் பதிந்தாலும் பேரோடு பிரிவையும் சேர்த்துப் பதிவார். பல் டாக்டர் நம்பர்கூட 'ஜெயசீலன் பல்' என்றுதான் இருந்தது. அந்தப் பெயர்கள் அவருடைய போனைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

"ஆப் போடறப்ப எல்லாத்துக்கும் அனுமதி குடுத்திருப்ப. உன் போன்ல இருக்கற பேரையெல்லாம் எடுத்து உக்கார வெச்சிருக்கான். ஆளே இல்ல தாத்தா. கம்ப்யூட்டர் ஆடுது."

அப்போது ஐந்தாவது நாற்காலியில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். வட்டத்துக்குள் ஒரு மயில். கீழே 'தமிழ் குட்டி' என்று இருந்தது.

பேத்தியின் நம்பரை அவர் அப்படித்தான் பதிந்திருந்தார். மயில் ஒரு சீட்டை எடுத்தது. ஒரு சீட்டைப் போட்டது. பக்கத்தில் நிற்கிற பெண், வலது கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மூச்சு விடுகிறாள். அவளே அங்கேயும் உட்கார்ந்து அவருடைய பணத்துக்கு ஆடுகிறாள். அவருடைய முறை வந்து நேரம் ஓடியது. யாரும் தொடவில்லை. ஆப் தானாகவே அவருக்காக ஒரு சீட்டை எடுத்துப் போட்டது. மயில் கவிழ்த்தது. எண்பது பாயிண்ட்.

தமிழினி தன் போனிலிருந்து பெங்களூர் நம்பரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஜியாவுதீனின் குரல் கிழவன் குரலாகியிருந்தது.

"கன்னியா! இன்னாடா, உயிரோட கீறியா?"

"பாய்… நீ போன்ல ரம்மி ஆடறியா?"

"போன்லயா? ரெண்டு கண்ணும் ஆபரேஷன் ஆயி பேஜார் புடிச்சுக் கெடக்கறேன். பட்டன் போன்டா இது. நம்பரே தெரியல, இதுல எங்க ரம்மி ஆடறது. ஏன் கேக்கற?"

"சும்மாதான் பாய்."

"நீ சும்மா கேக்கற ஆளா? ஆடறியா நீ? கன்னி, நம்மளுது ஆம்பூர் வந்தா கலைச்சுடுவோமேடா. போன்ல எங்கடா ஆம்பூர் வரும்?"

அவர் அழுதார். சத்தமில்லாமல்தான். பேத்தி போனை வாங்கி, அப்புறம் பேசறோம் தாத்தா என்று அணைத்தாள்.

*

அதற்கப்புறம் தமிழினி அவரைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் போனில் டேட்டாவை நிறுத்தினாள். தன் போனிலிருந்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்தாள். ரொம்ப நேரம் பாட்டுப் பாடியபின் ஒருவர் எடுத்தார். எந்த பாங்க், எவ்வளவு, எப்போது, யுடிஆர் எண் என்ன என்று கேட்டார். ரசீதுப் படங்கள் அந்த ஒரு விதத்தில் உதவின. நேற்று அனுப்பியதை அந்தப் பக்கத்துக் கணக்கிலிருந்து இன்னும் யாரும் எடுக்காமலிருந்தால் நிறுத்திவைக்கலாம், எடுத்திருந்தால் கஷ்டம், உடனே பாங்குக்குப் போய் யுபிஐயை முடக்குங்கள், போனில் அந்த ஆப் இருக்கும்வரை ஓடிபி எல்லாம் அவர்கள் கண்ணில் படும் என்றார் அந்த ஆள். ஜாஸ்மின் அனுப்பியதை அழிக்காதீர்கள் என்றும் சொன்னார். அழிக்கவேண்டும் என்று கன்னியப்பனுக்குக் கை பரபரத்துக்கொண்டிருந்தது.

"அம்மாகிட்ட சொல்லிடாதம்மா," என்றார், செருப்பைப் போடும்போது.

தமிழினி பூட்டைப் பூட்டினாள்.

ஷேர் ஆட்டோவில் அவர் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். மத்தியான ஷிப்டுக்குப் போகிற பெண்கள் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். யாருடைய போனோ அடித்தது, அவர் உடம்பு தூக்கிப்போட்டது. தன்னுடைய போன் அணைந்துபோய் பேத்தியின் கைப்பைக்குள் கிடப்பது தெரிந்தும் தூக்கிப்போட்டது. முகம் அவர்களிடம் இருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பணம் போனது போகட்டும். இடம், வலம், மேல், கீழ் என்று அவர் காட்டிய முகம் எங்கோ ஒரு ஊரில், யாரிடமோ இருக்கிறது. அதை வைத்து யார் யாரிடம் போய் என்னென்ன கேட்பார்களோ.

பாங்கில் பென்ஷன் கவுண்ட்டரில் இருந்த அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். அவளுக்கு இது புதிதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. யுபிஐயை முடக்கினாள். கார்டை நிறுத்தினாள். பிறகு திரையைக் கீழே நகர்த்திக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"செப்டம்பர்ல உங்களுக்கு ரெண்டு வரவு இருக்குது சார். ஐயாயிரம், எட்டாயிரம். ரெண்டும் வேற வேற ஆளுங்க கணக்குலருந்து. இவங்க யாருன்னு தெரியுமா?"

"ஜெயிச்சதுங்க. ஆப்லருந்து வந்துச்சு."

"ஆப்லருந்து வரல. உங்கள மாதிரி யார்கிட்டயோ வாங்கி உங்களுக்கு அனுப்பியிருப்பாங்க. அந்த ஆளுங்க புகார் குடுத்தா, எந்த ஊர் போலீஸா இருந்தாலும் உங்க கணக்குலயும் அந்தத் தொகையை நிறுத்தி வெக்கச் சொல்லுவாங்க. சில சமயம் கணக்கு மொத்தமா நின்னுடும். நிக்கும்னு சொல்லல. வந்தா பயப்படாம இந்தப் புகார் நம்பரைக் காட்டுங்க."

எட்டாயிரம் வந்த அன்றும் பிரியாணி வாங்கியிருந்தார். அந்த மஞ்சள் பையும் கத்திரிக்காய்க் கொத்சு மணமும் அப்படியே ஞாபகம் வந்தது. இன்னொரு வீட்டுக் கிழவனின் பென்ஷனை மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். தமிழினிக்கு அன்று பெரிய கறித் துண்டாகப் பார்த்துப் போட்டது அவர்தான். அவள் இப்போது அவரைப் பார்க்காமல் மேஜைமேல் இருந்த மணிபிளான்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே ஞாபகம் வந்திருக்கும்.

"கடன் பேப்பர் ரெடியா இருக்குது. அது?" என்று அந்த அம்மாள் ஒரு காகிதக் கட்டை முன்னால் நகர்த்தினாள். ஜாமீன்தாரர் என்ற இடத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டிருந்தது.

கன்னியப்பன் வாயைத் திறக்கப் பார்த்தார். வேண்டாம் என்று அவரே சொல்லவேண்டும். அந்த ஒரு வார்த்தையையாவது அவர் சொல்லவேண்டும். ஆனால் நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் தங்க எழுத்தில் இன்னும் கண்ணுக்குள் நின்றது. ஆளே இல்லை, மேஜையே இல்லை, எல்லாம் பொய் என்று காதால் கேட்டபிறகும், ஒருவேளை, ஒரே ஒருவேளை கட்டிவிட்டால் என்று உள்ளே ஒருவன் கையில் சீட்டை விரித்து உட்கார்ந்திருந்தான். அவனைக் கண்டுதான் இப்போது அவருக்கு மிகவும் பயமாக இருந்தது. ஜாஸ்மினைக் கண்டல்ல.

"தாத்தா?" என்றாள் தமிழினி. கட்டைத் தள்ளிவிடாமல், தொடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வேணாம்மா," என்றார். "கிழிச்சுடச் சொல்லு. நான் அப்பறம் கேட்டாலும் நீ போடக்கூடாது. நான் அழுதாலும் போடக்கூடாது."

அந்த அம்மாள் கட்டை எடுத்து மேஜைக்கடியில் வைத்தாள். பிறகு, நிலைமையைக் கொஞ்சம் இலேசாக்க நினைத்தவள்போல, "சரி, அந்த உயிர்ச் சான்றையாவது முடிச்சுடலாம் சார், பென்ஷன் நிக்கக்கூடாது இல்ல," என்று பாங்க் டேப்லெட்டை எடுத்தாள். ஆதார் எண்ணைத் தட்டினாள். ஓய்வூதிய ஆணை எண்ணைக் கேட்டாள், அதை அவர் பார்க்காமலே சொன்னார். டேப்லெட்டை அவர் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள்.

"வட்டத்துக்குள்ள பாருங்க. கண்ணை மட்டும் சிமிட்டுங்க."

கண்ணாடித் திரையில் அவருடைய முகம் வந்தது. திருநீறு பாதி அழிந்திருந்தது. அதற்கப்பால் யார் இருக்கிறார்கள்? சர்க்காரா, ஜாஸ்மினா? அதே வட்டம், அதே சொல். அன்றைக்குக் கண்ணை மூடித் திறப்பதற்குள்தான் எல்லாம் போனது.

"சிமிட்டுங்க சார்."

தமிழினியின் கைப்பைக்குள் எதுவும் அதிரவில்லை. போன் அணைந்துதான் கிடந்தது. ஆனாலும் அவர் காதுக்குள் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். வெளியே பெங்களூர்ப் பக்கம் போகிற ரயிலின் ஹாரன் கேட்டது.

"தாத்தா. நான் இங்கதான் இருக்கறேன். சிமிட்டு."

கன்னியப்பன் கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தார். எரிந்தது. நீர் நிறைந்து இமை விளிம்பில் நின்றது. அவர் மூடவில்லை. வட்டம் சிவப்பாகவே இருந்தது.